காலி கேஸ் நிமிர்ந்து நின்றால்

பிஸ்டல் ஜாம் ஆனதும் பெரும்பாலானவர்களின் கை தானாக, மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடுக்குப் போய்விடுகிறது. மேகசினை அடியில் தட்டு, ஸ்லைடை இழுத்து விடு, அடுத்ததைச் சுடு. போலீஸிலும் ராணுவத்திலும் இதைப் பழக்குவதற்குக் காரணம் இருக்கிறது, அங்கே எதிரே ஆள் நிற்கிறான். ரேஞ்சில் எதிரே நிற்பது காகித டார்கெட். நமக்கு ஐந்து விநாடி நின்று பார்க்க நேரம் உண்டு. அந்த ஐந்து விநாடியில் கண்ணில் படுவதை, ஸ்லைடை இழுத்த பிறகு யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. சுட்ட தோட்டாவின் வெறும் கூடான காலி கேஸ் எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது, அடுத்த தோட்டா எதுவரை வந்திருந்தது, ஸ்லைடு எத்தனை மில்லிமீட்டர் திறந்திருந்தது என்பதெல்லாம் ஒரே இழுப்பில் தரையில் கொட்டிவிடும்.

திருச்சி, தஞ்சாவூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 25 மீட்டர் பிஸ்டல் பழக்குகிறேன். பெரும்பாலும் பாயிண்ட் டூ டூ. இந்தப் பிள்ளைகள் ஜாமை எடுக்க ஒரே நாளில் கற்றுக்கொள்கிறார்கள். அது ஏன் வந்தது என்று சொல்லத்தான் மாதக்கணக்காகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதலில் பிஸ்டல் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். பாயிண்ட் டூ டூ பிஸ்டல்களும், இங்கே லைசென்ஸில் கிடைக்கும் பெரும்பாலான பாயிண்ட் த்ரீ டூ பிஸ்டல்களும் ஒரே எளிய முறையில் ஓடுபவை. மருந்து எரிந்து குண்டு முன்னால் போகும்போது, அதே அழுத்தம் காலி கேஸைப் பின்னால் தள்ளுகிறது. கேஸ் ஸ்லைடைத் தள்ளுகிறது. (சில டார்கெட் பிஸ்டல்களில் ஸ்லைடுக்குப் பதிலாக உள்ளே ஒரு போல்ட் மட்டும் ஓடும், வேலை ஒன்றுதான்.) எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னக் கொக்கி கேஸின் விளிம்பைப் பிடித்தபடி பின்னால் வருகிறது. பிடித்த இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எஜெக்டர் அசையாமல் நிற்கிறது. கேஸ் வேகமாக வந்து அதில் மோதியதும் கொக்கியைச் சுற்றித் திரும்பி வெளியே தெறிக்கிறது. அப்புறம் ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ள, மேகசினின் மேல் தோட்டாவை அது உரசி எடுத்துச் சரிவில் ஏற்றி, பேரலின் பின்முனையில் தோட்டா அமரும் சேம்பருக்குள் விடுகிறது.

எல்லாமே வேகத்தை நம்பி நடக்கிறது. ஸ்லைடு முழுத் தூரம், முழு வேகத்தில் பின்னால் போகவேண்டும். போகவில்லையென்றால் எஜெக்டரில் கேஸ் சோம்பலாக மோதும். வெளியே பறக்காமல் வாசலிலேயே திரும்பி நிற்கும்போது ஸ்லைடு வந்து மூடி அதைக் கவ்விவிடும். கேஸ் புகைபோக்கிக் குழாய் மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஸ்டவ்பைப் என்பது இதுதான்.

எடுக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிஸ்டலின் வாய் டார்கெட் பக்கமே இருக்கட்டும். விரல் டிரிகர் கார்டுக்கு வெளியே வரட்டும். நின்ற இடத்தில் நின்றபடி கேஸையும் வாசலையும் பாருங்கள். பிறகு மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடை முழுதாகப் பின்னால் இழுத்துப் பூட்டுங்கள். பெரும்பாலும் கேஸ் தானாக விழுந்துவிடும், விழாவிட்டால் பிஸ்டலைச் சற்றுச் சாய்த்தால் போதும். சேம்பர் காலியா என்று கண்ணால் பாருங்கள், வெளிச்சம் போதாவிட்டால் சுண்டுவிரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். மேலே கையை வீசிக் கேஸைத் தட்டிவிடும் பழைய முறையை நான் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. கேஸின் வாய் கத்தி போலக் கூர்மை, ஸ்லைடு விடுபட்டு மூடும்போது விரல் உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரத்தில் உள்ளங்கை பேரலின் வாய்க்கு முன்னால் வந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். ஸ்டவ்பைப் வருவதற்கு முந்தைய சத்தம் எப்படி இருந்தது? வழக்கமான வெடிச்சத்தத்துக்குப் பதிலாக “புஸ்” என்றோ “டொப்” என்றோ கேட்டிருந்தால் அந்தப் பிஸ்டலை உடனே மறுபடி சுடக்கூடாது. மருந்து சரியாக எரியாமல் குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். வலுவில்லாத ரவுண்ட் ஸ்லைடையும் முழுதாகத் தள்ளாது என்பதால், இதுவும் ஸ்டவ்பைப்பாகவோ, கேஸ் வெளியே வராத ஜாமாகவோ தெரியும். தட்டி இழுத்து விடும் பழக்கம் உள்ளவர் அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டுவிடுவார். நின்றிருக்கும் குண்டின்மேல் இரண்டாவது குண்டு மோதினால் பேரல் வீங்கும், வெடிக்கவும் வெடிக்கும். மேகசின் கழற்றி, சேம்பர் காலி என்று உறுதி செய்து, பின்பக்கத்திலிருந்து பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மற்றதெல்லாம். தெரியவில்லையென்றால் ரேஞ்ச் ஆபீசரிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, கேஸ் நிமிர்ந்து நிற்கிறது, சத்தமும் சரியாகத்தான் இருந்தது. இப்போது அந்த ஐந்து விநாடியில் பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்று: அடுத்த தோட்டா எங்கே? அது மேகசினிலேயே கிடந்தால், ஸ்லைடு அதை எடுக்கும் அளவுக்குப் பின்னால் போகவே இல்லை. ஓட்டம் குறைந்திருக்கிறது. அடுத்த தோட்டா பாதி ஏறி, அதோடு காலி கேஸும் சேர்ந்து மாட்டியிருந்தால், ஸ்லைடு போதிய தூரம் போயிருக்கிறது, கேஸை வெளியே எறிவதில்தான் பிரச்சினை. அப்போது பெரும்பாலும் எக்ஸ்ட்ராக்டரையோ எஜெக்டரையோ சந்தேகப்படவேண்டும். கொக்கிக்கு அடியில் மெழுகும் ஈயமும் சேர்ந்து கெட்டித்திருக்கும், அல்லது கொக்கியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அபூர்வமாக எஜெக்டரின் முனை உடைந்திருக்கும்.

போன மார்கழியில் பார்த்த ஒரு பிஸ்டலைப் பற்றிச் சொல்கிறேன். மன்னார்குடியிலிருந்து வரும் ஒரு கல்லூரி மாணவி, கிளப் பிஸ்டலில் காலை ஆறரைக்குப் பயிற்சி. முதல் ஐந்தில் இரண்டு முறை ஸ்டவ்பைப். அடுத்த ஐந்தில் மறுபடி. பக்கத்து லேனில் இருந்தவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார், “கை தளர்வா பிடிக்கிறா, மணிக்கட்டை இறுக்கச் சொல்லுங்க.” அவர் சொன்னதில் அடிப்படை இல்லாமல் இல்லை. ஸ்லைடு பின்னால் ஓட, பிஸ்டலின் உடல் அசையாமல் நிற்கவேண்டும். மணிக்கட்டு தளர்ந்து உடலும் கூடவே பின்னால் போனால் ஸ்லைடு ஓடிய தூரம் குறைந்துவிடும். எடை குறைந்த பிளாஸ்டிக் உடல் பிஸ்டல்களில் இது அதிகம் தெரியும். ஆனால் அவள் கையில் இருந்தது ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புப் பிஸ்டல். அந்த எடை பாயிண்ட் டூ டூவின் சின்ன உதைக்கு அவ்வளவு சுலபமாக நகராது. பெண் பிள்ளை என்றதும் கையைக் குறை சொல்வது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

மூன்றாவது முறை வந்தபோது, இழுக்காதே, அப்படியே வைத்திரு என்றேன். கேஸ் நிமிர்ந்து நின்றது, அடுத்த தோட்டா மேகசினில் அசையாமல் இருந்தது. ஓட்டம் குறைவு. ஓட்டம் குறைய மூன்றே இடங்கள்தான் உண்டு: பிடிக்கும் கை, தள்ளும் தோட்டா, ஓடும் பாதை. ஸ்பிரிங்கையும் பாதையோடு சேர்த்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் எது என்று தெரிந்துவிடும்.

முதலில் கையை மாற்றினோம். சி.ஐ.எஸ்.எஃப்-இல் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன், பாறை மாதிரி மணிக்கட்டு, அதே பிஸ்டல், அதே தோட்டாப் பெட்டி. இரண்டாவது ரவுண்டிலேயே ஸ்டவ்பைப். கையைப் பற்றிய பேச்சு அங்கே முடிந்தது. அடுத்து தோட்டா. டார்கெட் பிஸ்டல்கள் பொதுவாக ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி ரவுண்டுக்கு ஏற்ற ஸ்பிரிங்கோடு வருபவை. நீளமான ரைஃபிள் பேரலில்கூட அந்த ரவுண்ட் விநாடிக்குச் சுமார் 330 மீட்டரில்தான் கிளம்பும், ஸ்லைடைத் தள்ள அதில் மிச்சம் வைத்துச் செலவழிக்கும் அளவுக்கு பலம் கிடையாது. பக்கத்து லேனில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்தே ஐந்து எடுத்துப் போட்டோம். மறுபடி நின்றது. மேகசினையும் மாற்றிப் பார்த்தோம், மாற்றம் இல்லை.

இதற்கிடையில் கண்ணில் பட்டது தரை. இந்தப் பிஸ்டலில் சரியாக வெளியேறிய கேஸ்கள்கூட அவள் காலடியிலேயே கிடந்தன. பக்கத்து லேனில் அதே மாதிரிப் பிஸ்டலிலிருந்து வந்தவை ஒரு மீட்டருக்கு அப்பால் சிதறிக் கிடந்தன. ஜாம் ஆகாத ரவுண்டுகளும் தட்டுத் தடுமாறித்தான் ஓடியிருக்கின்றன என்று இதிலிருந்து புரிந்தது. கேஸ் விழும் தூரம் நாளுக்கு நாள் குறைந்தால், ஜாம் வருவதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ளலாம். என் பிள்ளைகளிடம் தரையைப் பெருக்கும்போது இதைப் பார்க்கச் சொல்வேன்.

மேகசினைக் கழற்றி, காலி என்று உறுதி செய்து, போல்ட்டைக் கையால் பின்னால் இழுத்து மெதுவாக விட்டுப் பார்த்தேன். ஸ்பிரிங் அதைச் சட்டென்று கொண்டுபோய் மூடவேண்டும். அது நடுவழியில் தயங்கித் தயங்கிப் போய் மூடியது. பிரித்துப் பார்த்தபோது போல்ட் ஓடும் பள்ளத்தில் வெள்ளை வெள்ளையாக மெழுகு மாதிரி ஏதோ படிந்திருந்தது. கருப்புக் கரியோடு கலந்து ஒரு பசையாகி இருந்தது. விரலில் தேய்த்ததும் உருகி எண்ணெயானது. மோந்து பார்த்தால் தேங்காயெண்ணெய்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பக்கம் காற்றே ஈரமாக இருக்கும், இரும்பு ஒரே வாரத்தில் துருப் பிடிக்கும். கன் ஆயில் தீர்ந்துபோன ஒரு நாளில், சுத்தம் செய்ய வரும் பையன் துரு வந்துவிடக்கூடாதே என்ற அக்கறையில் கையில் கிடைத்ததைத் தடவியிருக்கிறான். வீட்டில் பூட்டுக்கும் கீலுக்கும் போடுவதுதானே. கார்த்திகை வரை ஒன்றும் தெரியவில்லை. தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் காவிரிக் கரை ஊர்களில் 21, 22 டிகிரி வரை இறங்குவது சாதாரணம். குளியலறை அலமாரியில் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்பது போல்ட் பள்ளத்திலும் உறைந்து நின்றிருக்கிறது. பத்து மணிக்கு மேல் சுட்டவர்களுக்கு இந்தப் பிஸ்டல் ஏன் தொந்தரவு கொடுக்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. வெயில் ஏற, சுடச்சுட இரும்பு சூடாக, எண்ணெய் உருகி வழிவிட்டுவிடும். அவள் மட்டும்தான் முதல் பஸ் பிடித்து வந்து குளிரில் சுட்டுக்கொண்டிருந்தாள்.

சால்வென்ட் போட்டு எல்லாவற்றையும் துடைத்தோம். எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் பல் குத்தும் குச்சியால் சுரண்டினால் ஈயமும் மெழுகும் சீவலாக வந்தது. போல்ட் உரசும் இடங்களில் மெல்லிய கன் ஆயில் ஒவ்வொரு சொட்டு, அதையும் துணியால் ஒற்றி எடுத்தோம். சேம்பருக்குள் எண்ணெய் கூடாது, துடைத்து உலர விடவேண்டும். அடுத்த நாள் அதே ஆறரை மணிக்குக் கேஸ்கள் பக்கத்து லேனுக்குப் பறந்தன. கன் ஆயில் இல்லாத அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, அது கனிம எண்ணெய், நம் ஊர்க் குளிருக்கு உறையாது. சமையலறை எண்ணெய் எதுவும் வேண்டாம்.

தோட்டா ஏறாமல் நிற்கும் ஜாம் இதற்கு நேர்மாறானது. அங்கே பழையது வெளியே போய்விட்டது, புதியது உள்ளே வரவில்லை. அதிலும் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. டிரிகரை அழுத்தினால் வெறும் “டிக்” என்று கேட்டு, திறந்து பார்த்தால் சேம்பர் காலியாக இருந்தால், மேகசின் சரியாகப் பூட்டவில்லை, ஸ்லைடு தோட்டாவின் தலைக்கு மேலேயே ஓடிவிட்டது. ஆனால் “டிக்” கேட்டதும் திறந்துவிடக்கூடாது. உள்ளே தோட்டா இருந்து அது தாமதமாகப் பற்றலாம், வாயை டார்கெட் பக்கம் வைத்தபடி 30 விநாடி காத்திருந்துதான் திறக்கவேண்டும். தோட்டாவின் மூக்கு சரிவில் கீழ்நோக்கி முட்டி நின்றால் குற்றம் பெரும்பாலும் மேகசினில். அதன் உதடுகள் வளைந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது உள்ளே தூசியும் மெழுகும் சேர்ந்து தோட்டாவை மேலே தூக்கத் தாமதிக்கும். மேகசின்களுக்கு நெயில் பாலிஷால் எண் போட்டு வைத்தால் ஒரே எண் திரும்பத் திரும்ப மாட்டுவது தெரிந்துவிடும்.

தோட்டா கிட்டத்தட்ட முழுதும் உள்ளே போய், ஸ்லைடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் மூடாமல் நிற்பதுதான் ஆபத்தானது. பார்த்ததும் உள்ளங்கையால் பின்னாலிருந்து குத்தத் தோன்றும். பாயிண்ட் டூ டூவில் அதைச் செய்யவே கூடாது. அதன் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. பாதி மூடிய நிலையில் விளிம்பு நசுங்கினால் அங்கேயே வெடிக்கலாம், கேஸைத் தாங்கிப் பிடிக்கச் சுற்றிலும் சேம்பர் இருக்காது. மேகசினைக் கழற்றி, தோட்டாவைப் பின்னால் எடுத்து, அதைத் தனியாக வைத்துவிட்டு, சேம்பரைப் பாருங்கள். வட்டமாகக் கரி படிந்திருந்தால் பித்தளை பிரஷ் போதும். சேம்பரின் விளிம்பில் ஒரே இடத்தில் சின்னதாக ஒரு குழியும் பக்கத்தில் உள்நோக்கி ஒரு பிசிறும் இருந்தால், யாரோ காலிப் பிஸ்டலில் டிரிகரைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பழகியிருக்கிறார்கள். பாயிண்ட் டூ டூவின் ஃபயரிங் பின், தோட்டா இல்லாதபோது சில பிஸ்டல்களில் நேராகச் சேம்பர் விளிம்பைத்தான் குத்தும். அந்தப் பிசிறு ஒவ்வொரு தோட்டாவையும் மறிக்கும். அதைச் சரிசெய்வது துப்பாக்கி ரிப்பேர் லைசென்ஸ் உள்ளவரின் வேலை, அரம் எடுத்து நாம் உட்காரக்கூடாது.

பாயிண்ட் த்ரீ டூவில் இன்னொரு வகை உண்டு. டெல்டா மிராசுதார் வீடுகளில் தாத்தா காலத்து லைசென்ஸில் இருப்பது பெரும்பாலும் இதுதான், 9 எம்.எம். சாதாரணக் குடிமக்களுக்குக் கிடையாது. இந்தத் தோட்டாவின் அடிவிளிம்பு உடலைவிடச் சற்றே அகலம். மேகசினில் ஏற்றும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் அமரவேண்டும். பின்னால் போய் மாட்டிக்கொண்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும், ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் மேல் தோட்டா நகராது. தட்டி இழுப்பதெல்லாம் இங்கே பலிக்காது. மேகசினைக் கழற்றி, மேல் தோட்டாவை அழுத்தி நிமிர்த்திப் பிரித்து எடுத்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஏற்றவேண்டும்.

இந்த வீடுகளில் தோட்டா பெரும்பாலும் தோல் பையிலேயே வருடக்கணக்காகக் கிடக்கிறது. தோல் பதனிட்ட ரசாயனமும் நம் ஊர் ஈரமும் சேர்ந்து பித்தளையில் பச்சைக் களிம்பைக் கொண்டுவரும். தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்த பிஸ்டல் திரும்பி வந்ததும், அந்தப் பச்சை பூத்த தோட்டாவையே போட்டுப் பார்க்கிறார்கள், சேம்பருக்குள் பாதியில் இறுகி நிற்கிறது. “தொடச்சுட்டா சரியாயிடும்ல தம்பி?” என்று கேட்ட பெரியவர்கள் உண்டு. லேசாக நிறம் மங்கியிருந்தால் துடைத்துவிடலாம். விரலில் சொரசொரவென்று தட்டுப்பட்டால் அதைச் சுடவேண்டாம், கேஸின் சுவரே அரித்திருக்கக்கூடும். சரிவில் முட்டி மூக்கு உள்ளே அமுங்கிய தோட்டாவும் அப்படியே. குண்டு உள்ளே இறங்கினால் மருந்துக்கு இடம் குறைந்து அழுத்தம் ஏறும். அதையே மறுபடி மறுபடி சேம்பரில் ஏற்றிப் பார்ப்பது தவறு. இவற்றைக் குப்பையில் போடவும் கூடாது, விற்ற டீலரிடமோ போலீஸிடமோதான் கொடுக்கவேண்டும்.

போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் கடைசியாக ஒன்று. பயிற்சியில் ஜாமை நீங்களே எடுக்கலாம். போட்டியில் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்டினால், பிஸ்டலைப் பிடித்த பிடியிலேயே டார்கெட் பக்கம் வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும் கையைத் தூக்குங்கள். சர்வதேச விதியில் நீங்களே சரிசெய்து தொடரவும் அனுமதி உண்டு. ஆனால் ஒருமுறை கை வைத்துவிட்டால், ஏதாவது பாகம் உடைந்திருந்தால் தவிர, அதற்குப் பிறகு பழுது என்று சொல்லிக் கேட்க முடியாது. கை வைக்காமல் காத்திருந்தால் ரேஞ்ச் ஆபீசர் வந்து பார்ப்பார். கேஸ் வெளியே வராமல் மாட்டியது விதிப்படி ஏற்கத்தக்க பழுது. சேஃப்டி எடுக்காமல் விட்டதும், தோட்டா ஏற்றாமல் விட்டதும் ஏற்கத்தகாதவை. ஏற்கப்பட்டால் விட்டுப்போன ஷாட்டுகளுக்கு அந்தப் பிரிவின் விதிப்படி மறுவாய்ப்புக் கிடைக்கும், இல்லையென்றால் அவை பூஜ்யம். மன்னார்குடிப் பெண் பத்து விநாடித் தொடரில் ஒருமுறை இப்படிக் கை தூக்கி நின்றாள். ஆபீசர் குனிந்து பார்த்தபோது காலி கேஸ் வாசலில் அப்படியே நின்றது, அவளுக்கு மறுவாய்ப்புக் கொடுத்தார்கள்.